தேய்ந்துபோன ஓர் எண்: 185/6? R15 88H என்ற டயரின் உண்மையான அளவு எது?

வைகைவாசி:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 185/65 R15 88H என்ற டயர் அளவும், எல்லாச் சக்கரங்களுக்கும் காற்று 33 பிஎஸ்ஐ என்ற குறிப்பும் அச்சிடப்பட்டுள்ளன. மூன்று டயர்களின் பக்கச்சுவரில் அதே எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. முன்பக்க இடது டயர் மட்டும் வேறு நிறுவனத்தினுடையது. முந்தைய உரிமையாளர் இடையில் மாற்றியிருக்க வேண்டும். அதன் பக்கச்சுவர் நடைபாதைக் கல்லில் உரசியதில், சாய்கோட்டுக்குப் பின்வரும் இரண்டு இலக்கங்களில் இரண்டாவது இலக்கம் ரப்பரோடு சேர்ந்து பெயர்ந்துவிட்டது.

[படம் 1: "185/6" வரை எழுத்துகள் தெளிவாக உள்ளன, பிறகு கட்டைவிரல் அகலத்துக்குச் சொரசொரப்பான சாம்பல் நிறத் தழும்பு, அதன் பின் "R15 88H".]

[படம் 2: அதே டயரில் ரிம்மை ஒட்டிய சிறிய எழுத்துகள். MAX LOAD 560 KG, MAX PRESS 340 KPA.]

இந்த டயரும் மற்ற மூன்றும் ஒரே அளவுதானா என்பதைப் படங்களை வைத்துச் சொல்ல இயலுமா? மாற்ற வேண்டியிருந்தால், இங்குள்ள டயர் கடையில் 185/65 R15 88T இருப்பில் உள்ளது, விலையும் குறைவு என்கிறார்கள். கடைசி எழுத்து மாறினால் பாதகம் உண்டா?

பழையகியர்:

நண்பரே, இதில் குழப்பத்துக்கே இடமில்லை. அகலம் 185, ரிம் 15 அங்குலம், சுமைக்குறியீடு 88, வேகக்குறியீடு H, அதாவது மணிக்கு 210 கி.மீ. நான்கும் பொருந்தும்போது ஐந்தாவது, அதாவது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் எண் மட்டும் எப்படி மாறும்? சுமைக்குறியீட்டில் ஒவ்வோர் எண்ணும் 15 கிலோ கூடும். 84 என்றால் 500 கிலோ, 88 என்றால் 560 கிலோ. உங்கள் இரண்டாவது படத்திலும் 560 என்றுதான் இருக்கிறது. 185/65 R15 அளவுக்கு உரிய சுமை 88தான் என்பது எல்லா டயர் கடைக்காரர்களுக்கும் தெரியும். எனவே அழிந்த இலக்கம் 5. கவலையின்றி ஓட்டுங்கள்.

அச்சாணி:

பழையகியர் சொன்ன எண்கள் சரியானவை; ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

185/65 R15 அளவில் வரும் வழக்கமான டயருக்கு 88 என்பது உண்மை. 185/60 R15 அளவில் வரும் வழக்கமான டயருக்கு 84, அதாவது 500 கிலோ. இதோடு நின்றிருந்தால் 88ஐப் பார்த்தவுடன் 65 என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே 185/60 R15 அளவில், உள் அமைப்பை வலுவாக்கி, கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் சுமை தாங்கும்படி செய்யப்படும் வகை ஒன்று உண்டு, அதற்கும் 88தான். ஆகவே 88 என்ற எண் இரண்டு வெவ்வேறு டயர்களுக்கும் பொருந்துகிறது. 560 கிலோ என்ற சிறிய எழுத்து அந்த 88ஐயே கிலோவில் மறுபடி சொல்கிறதே தவிர, புதிய சாட்சியம் அல்ல.

உங்கள் இரண்டாவது படத்தில் என் கவனத்தை ஈர்த்தது 340 என்ற எண்தான். அதிகபட்சக் காற்றழுத்தமாக 300 அல்லது 350 கிலோபாஸ்கல் என்று பொறிப்பது வழக்கமான டயர்களில் பரவலாகக் காணப்படுவது. 340 என்பது பெரும்பாலும் கூடுதல் சுமை வகையில் வருவது. இது ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. அதே வட்டத்தில் XL அல்லது EXTRA LOAD அல்லது REINFORCED என்ற எழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கறுப்பின் மேல் கறுப்பாக இருக்கும் எழுத்து நேரான வெளிச்சத்தில் படத்தில் விழாது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கச்சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். புடைத்த எழுத்தின் நிழல் விழும். சாக்பீஸைப் படுக்கவைத்து ஒரு முறை தேய்த்தாலும் புடைப்புகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

இடையில் ஓர் எச்சரிக்கை: 340 கிலோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 50 பிஎஸ்ஐ. அது தாண்டக் கூடாத எல்லை. தினமும் வைக்க வேண்டிய காற்று அல்ல. பக்கச்சுவரைப் பார்த்துக் காற்று நிரப்பும் பஞ்சர் கடைகளும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

செல்வி_சேலம்:

எனக்கும் இதே சந்தேகம் உள்ளது. என் ஸ்கூட்டரின் முன் டயரில் 90/90-12 54J என்று இருக்கிறது. 12 என்பது 2012ஆம் ஆண்டில் தயாரானது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். வண்டியே அதற்குப் பிறகு வாங்கியது. பழைய டயரை மாட்டிக் கொடுத்துவிட்டார்களா? 54 கிலோதான் தாங்கும் என்றால் நானும் என் மகளும் சேர்ந்து போகலாமா?

அச்சாணி:

அம்மா, அந்த 12 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். தயாரிப்புக் காலம் வேறோர் இடத்தில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கமாக இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 54 என்பது கிலோ அல்ல; அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக இருப்பது 212 கிலோ, அதுவும் அந்த ஒரு டயருக்கு மட்டும். J என்பது மணிக்கு 100 கி.மீ. நீங்கள் இருவரும் தாராளமாகப் போகலாம். 12க்கு முன்னால் காரில் R இருக்கும் இடத்தில் உங்களுக்குச் சிறு கோடு இருப்பதற்குக் காரணம், அது ரேடியல் அல்லாத, இழைகள் குறுக்காகச் செல்லும் டயர் என்பதுதான்.

பழையகியர் 15 கிலோ கணக்குச் சொன்னதையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன். 84 முதல் 88 வரை அது சரியாக வரும். 88இலிருந்து 89க்குப் போனால் 560 கிலோ 580 ஆகிறது. அங்கே 20 கிலோ கூடுகிறது. கீழே 53இலிருந்து 54க்கு 6 கிலோதான் கூடுகிறது. விகிதத்தில் ஏறும் அட்டவணை அது. ஏறத்தாழ 24 படிகளுக்கு ஒரு முறை சுமை இரட்டிக்கும். 64க்கு 280 கிலோ, 88க்கு 560 கிலோ என்று ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும்.

பழையகியர்:

84 முதல் 88 வரை சரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாம் பேசுவதும் அந்த எண்களைப் பற்றித்தானே! கூடுதல் சுமை வகை 185/60 R15 டயரைச் சாதாரண ஹேட்ச்பேக்கில் யார் மாட்டியிருக்கப் போகிறார்கள்? நடைமுறையில் அது அரிது என்பதே என் கருத்து.

எண்ணன்:

படத்திலேயே அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. சக்கரத்தை நேர் எதிரிலிருந்து எடுத்த முழுப் படம் ஒன்றை வைகைவாசி தனிச்செய்தியில் அனுப்பினார். அதில் டயரின் வெளிவிட்டம் 1,180 பிக்சல், ரிம்மின் வெளிவிளிம்பு 818 பிக்சல். 1,180ஐ 818ஆல் வகுத்தால் 1.443 வருகிறது. 15 அங்குலம் என்பது 381 மி.மீ. எனவே டயரின் வெளிவிட்டம் 550 மி.மீ. இதில் ரிம்மைக் கழித்துப் பாதியாக்கினால் பக்கச்சுவரின் உயரம் 84 மி.மீ.தான், அது 185இல் 45 விழுக்காடு. அப்படியென்றால் இது 185/45 டயர் என்றல்லவா ஆகிறது? படத்தில் 6 தெளிவாக இருக்கும்போது இது எப்படிச் சாத்தியம்? எங்கோ இடறுகிறது.

அச்சாணி:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இடறும் இடம் ஒன்றுதான். 15 அங்குலம் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் ரிம்மின் விளிம்பு அல்ல. டயரின் அடிவிளிம்பு ரிம்முக்குள் எந்தப் படியில் உட்காருகிறதோ அந்த இடத்தின் விட்டம் அது. அதற்கு மேல், டயரை வெளியே நழுவவிடாமல் பிடித்திருக்கும் உதடு சுற்றிலும் 17 மி.மீ. அளவுக்கு எழும்பி நிற்கிறது. படத்தில் நாம் பார்ப்பது அந்த உதட்டின் ஓரத்தை. எனவே உங்கள் 818 பிக்சலுக்கு ஈடாக 381 மி.மீ. வைக்கக் கூடாது, இரு பக்க உதடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 416 மி.மீ. வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வெளிவிட்டம் 600 மி.மீ. என்று வருகிறது.

இனி இரண்டு சாத்தியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 65 என்றால் பக்கச்சுவர் உயரம் 185இல் 65 விழுக்காடு, அதாவது 120 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 381ஓடு கூட்டினால் புதிய டயரின் விட்டம் 622 மி.மீ. 60 என்றால் உயரம் 111 மி.மீ., விட்டம் 603 மி.மீ. படத்தில் கிடைத்தது 600. புதிய காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும், தேய்மான அடையாளம் எழும்பி நிற்பது 1.6 மி.மீ.யில். ஆக, 65 டயர் ஒன்று அந்த அடையாளம் வரை தேய்ந்தாலும் விட்டம் 609க்குக் கீழே இறங்காது. வைகைவாசியின் டயரில் பள்ளம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு இன்னும் உறுதியாகும்.

ஆனாலும் படத்தை வைத்து அளப்பதில் 9 மி.மீ. என்பது பெரிய இடைவெளி அல்ல. கேமரா சற்றுச் சாய்ந்திருந்தாலே அது கரைந்துவிடும். வண்டியின் எடையால் டயர் அடியில் சப்பிவிடுவதால் மேல்-கீழாக அளக்காமல் இட-வலமாக அளக்க வேண்டும் என்பதும் உண்டு. எண்ணன் எப்படி அளந்தார் என்று தெரிந்தால் நல்லது.

எண்ணன்:

இட-வலமாகத்தான் அளந்தேன். உதட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது. என் காரின் டயர் விட்டத்தை நாடாவால் அளந்தபோது ரிம் எப்போதும் 16 அங்குலத்துக்கு மேல் வந்ததற்கும் இதுவே காரணம் போலும்.

வைகைவாசி:

அச்சாணி ஐயா சொன்னபடி சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன். அழிந்த இடத்தில் எதுவும் வரவில்லை. அங்கே புடைப்பே மிச்சமில்லை. பக்கத்தில் வேறு எந்த எழுத்தும் தட்டுப்படவில்லை. பள்ளம் நன்றாகவே இருக்கிறது, ஏறத்தாழ புதிய டயர் போல. மற்ற மூன்றிலும் பாதி தேய்ந்துவிட்டது.

பிறகுதான் டயருக்கு உள்பக்கமும் ஒரு சுவர் உண்டே என்று தோன்றியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் ஒடித்து வைத்தால், டயரின் உள்பக்கத்தில் ஒரு பாதி வெளியே எட்டிப் பார்க்கிறது. கைபேசியை அதன் பின்னால் நீட்டி, இன்னொரு கையில் டார்ச்சைக் கீழிருந்து சாய்த்துப் பிடித்து, வண்டியைச் சற்றே உருட்டி உருட்டி எடுத்தேன். சேறு காய்ந்து ஒட்டியிருந்ததால் ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது.

[படம் 3: பழுப்புச் சேற்றின் ஊடே "185/60 R15 88H", ஓர் அங்குலம் தள்ளிச் சிறிய எழுத்தில் "XL".]

ஆக, 60தான். இப்போது என் கேள்வி வேறு. இதை மாற்றியே ஆக வேண்டுமா? 88, H இரண்டும் தாளில் உள்ளதற்குப் பொருந்துகின்றனவே.

பழையகியர்:

சரி, அரிதானதே அமைந்துவிட்டது. ஆனாலும் 88 என்றால் 560 கிலோதானே? சுமையில் குறைவில்லை. கூடுதல் சுமை வகை என்பது பலமான டயர் என்றுதானே பொருள்! மாற்றச் சொல்வது வீண் செலவு.

அச்சாணி:

88க்கு நேரே உள்ள 560 கிலோ, ஒரு குறிப்பிட்ட காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே செல்லும். வழக்கமான வகைக்கு அது 250 கிலோபாஸ்கல், அதாவது 36 பிஎஸ்ஐ. கூடுதல் சுமை வகைக்கு 290, அதாவது 42 பிஎஸ்ஐ. இந்தக் காரில் வைப்பதோ 33 பிஎஸ்ஐ. ஏறத்தாழ 230 கிலோபாஸ்கல். அழுத்தம் குறையும்போது தாங்கும் சுமை எப்படிக் குறைகிறது என்பதற்கு ஐரோப்பியத் தரநிலையில் பயன்படும் தோராயமான சூத்திரம் இது:

```
தாங்கும் சுமை = 560 × (230 / 250)^0.8 ≈ 524 கிலோ   (185/65 R15 88H)
தாங்கும் சுமை = 560 × (230 / 290)^0.8 ≈ 465 கிலோ   (185/60 R15 88H XL)
```

அதே 88, அதே காற்று; ஆனால் ஏறத்தாழ 60 கிலோ வேறுபாடு. வலுவான டயர் என்பது அதற்குரிய காற்று நிரப்பப்பட்டால்தான் வலுவானது. XL என்ற எழுத்தைப் படிக்காமல் 88ஐ மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அதே வேளையில் பயமுறுத்தவும் விரும்பவில்லை. வைகைவாசி, பதிவுச் சான்றிதழில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். இந்த வகைக் கார்களில் ஆட்களும் பெட்டிகளும் ஏறிய பின்னும் ஒரு முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ இறங்குவது அரிது. எனவே 465 கிலோ போதும். சுமை உங்களுக்குப் பிரச்சினை அல்ல என்றே கருதுகிறேன். முன் அச்சில் இரண்டு வெவ்வேறு விட்டங்கள் இருப்பதே பிரச்சினை. வலப்பக்கத்து 65 டயர் பாதி தேய்ந்திருப்பதால் 614 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், இடப்பக்கம் 603. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது இடச்சக்கரம் வலச்சக்கரத்தைவிட ஏறத்தாழ 10 சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். நேர்ச் சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

வைகைவாசி:

மொத்த எடை 1,335 கிலோ என்று உள்ளது. வண்டி இடப்பக்கம் இலேசாக இழுப்பது உண்மை. வீல் அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை என்பதால் சாலையின் சரிவுதான் காரணம் என்று எண்ணியிருந்தேன்.

பழையகியர்:

அப்படியானால் அந்த ஒரு டயரில் மட்டும் 40 பிஎஸ்ஐ வைத்துவிட்டால் போயிற்று. சுமையும் கூடும், விட்டமும் கூடும்.

அச்சாணி:

சுமை கூடும், விட்டம் கூடாது, கூடினாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான். ரேடியல் டயரின் நடுவே ஓடும் எஃகுப் பட்டை அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒரே அச்சில் ஒரு சக்கரத்தில் 33, மறுசக்கரத்தில் 40 என்று வைத்தால் பிரேக் போடும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெக்கானிக்_முருகு:

இவ்வளவு கணக்கு எனக்கு வராது, ஆனால் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். சுற்றளவு வேறுபட்ட டயர்களோடு வந்த சில வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. வேறு சிலவற்றில் அதைவிடக் கூடுதல் வேறுபாடு இருந்தும் எரியவில்லை. எனவே விளக்கு எரியாததை வைத்து எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஸ்டெப்னியில் என்ன அளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா?

வைகைவாசி:

இரும்பு ரிம்மில் 165/80 R14 85T என்று உள்ளது. எந்த எண்ணுமே பொருந்தாததால் அதைத் தொடவே இல்லை. அது வேறு காரின் ஸ்டெப்னியோ?

எண்ணன்:

இதை நான் கணக்கிடுகிறேன். 14 அங்குலம் 355.6 மி.மீ. பக்கச்சுவர் 165இல் 80 விழுக்காடு, 132 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 264. மொத்தம் 620 மி.மீ. புதிய 65 டயரின் 622க்கு இது வெறும் 2 மி.மீ. குறைவு! ஒரே ஓர் இலக்கம் மாறிய டயர் 19 மி.மீ. தள்ளி நிற்கிறது, எல்லா இலக்கமும் மாறிய டயர் 2 மி.மீ.க்குள் வந்து நிற்கிறது.

மெக்கானிக்_முருகு:

அது உங்கள் காரின் ஸ்டெப்னிதான். மேல் மாடலுக்கு 15 அங்குல அலாய் கொடுத்து, ஸ்டெப்னிக்குக் கீழ் மாடலின் 14 அங்குல இரும்பு ரிம்மைக் கொடுப்பது வழக்கம். புதிய டயர் வரும்வரை அதையே முன்னால் மாட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அச்சாணி:

இந்த ஒன்றில் முருகுவோடு நான் முழுவதும் உடன்படவில்லை. விட்டம் பொருந்துகிறது, 85 என்பது 515 கிலோ, அதுவும் போதும். ஆனால் ஒரு பக்கம் 165 அகலமும் மறுபக்கம் 185 அகலமும் முன் அச்சில் இருக்கும்போது, மழையில் பிரேக் பிடித்தால் இரண்டும் ஒரே அளவுக்குப் பிடிக்காது. கடை வரை போகலாம். நாள் கணக்கில் ஓட்ட வேண்டாம்.

மெக்கானிக்_முருகு:

ஐயா, இப்போது இருக்கும் 60 டயரோடு ஓட்டுவதைவிட அது மேல் என்றுதான் சொன்னேன். மெதுவாக ஓட்டினால் தீங்கில்லை என்பதில் மாற்றமில்லை.

வைகைவாசி:

கடைசியாக, அந்த 88T பற்றி யாரும் சொல்லவில்லையே.

பழையகியர்:

T என்றால் 190 கி.மீ., H என்றால் 210. நம் சாலையில் 120ஐத் தாண்ட வழியில்லை. S என்றாலும் 180 உண்டு. விலை குறைந்ததை வாங்குங்கள்.

அச்சாணி:

அந்த எழுத்து, நாம் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதை மட்டும் பொறுத்ததன்று. சுழலும் உருளையின் மேல் டயரை அழுத்தி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, எந்தப் படி வரை வெப்பத்தைத் தாங்கிச் சிதையாமல் நிற்கிறது என்று சோதித்துத் தரப்படுவது அது. வெயிலில் கொதிக்கும் சாலை, குறைந்த காற்று, முழுச் சுமை ஆகியவை சேரும்போதும் டயரைச் சோதிப்பது வெப்பம்தான் என்பதால், காரின் தாளில் H என்று இருந்தால் அதற்குக் கீழே இறங்காமல் இருப்பதே என் பழக்கம். T போட்டால் மறுநாளே வெடித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் T மாட்டாதீர்கள். ஒரே அச்சின் இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே குறியீடு, ஒரே வகையாக இருக்கட்டும்.

பழையகியர்:

இரண்டு டயரும் T என்றால் உங்களுக்கு ஆட்சேபமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அச்சாணி:

ஆட்சேபம் உண்டு; அடம் இல்லை.

வைகைவாசி:

முன் அச்சுக்கு 185/65 R15 88H இரண்டு வேண்டும் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். H வர நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். பாதி தேய்ந்த வலப்பக்க டயரை டிக்கியில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 15 அங்குலச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் உட்காருமா என்பது தெரியவில்லை. இந்த 60 டயர் புதியதுபோல இருப்பதால் விலைக்குக் கேட்கிறார்கள். வாங்குபவரிடம் சாக்பீஸால் தழும்பின் மேல் 0 என்றும், பக்கத்தில் XL என்றும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.